பட்டுப்புடவை: மடிப்பதா, சுருட்டுவதா, தொங்கவிடுவதா?

பட்டுப்புடவைப் பராமரிப்பு என்று பேச்சு எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "பூச்சிக்கு என்ன போடுறீங்க?" என்பதுதான். பாச்சை உருண்டையா, வேப்பிலையா, கிராம்பா, வசம்பா என்று ஆளுக்கொரு கட்சி. என் கணக்கில் அது கடைசிக் கேள்வி. புடவை எந்த நிலையில் பீரோவுக்குள் போகிறது, எப்படி மடித்திருக்கிறது, எதில் சுற்றியிருக்கிறது என்ற மூன்றையும் தீர்த்த பிறகு உருண்டையைப் பற்றி யோசித்தால் போதும். இங்கே நான் மனதில் வைத்திருப்பது கனமான ஜரிகை போட்ட காஞ்சிபுரம் பட்டு. மற்றப் பட்டுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் பெரியம்மா வீட்டில் இரண்டு புடவைகள் ஒரே பீரோவில், ஒரே தட்டில், பல வருடங்களாக இருந்தன. ஒன்று அரக்கு, அவருடைய கூறைப்புடவை. இன்னொன்று மயில் கழுத்து நிறம். இரண்டும் கெட்டுவிட்டன. "பாச்சை உருண்டை போட்டும் பூச்சி தின்னுடுச்சே" என்றார். ஜன்னல் ஓரம் விரித்துப் பார்த்தபோது இரண்டும் வேறு வேறு கதை சொல்லின.

அரக்குப் புடவையில் ஓட்டையே இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, மடிப்பு விழுந்த இடத்தில் நேராகப் பிரிந்திருந்தது. அந்தக் கோடு முந்தானை ஜரிகையைக் கடக்கும் இடத்தில் பளபளப்பு அற்றுப்போய், உள்ளே இருக்கும் சிவப்பு நூல் மட்டும் தெரிந்தது. எந்தப் பூச்சியும் கோடு போட்டுத் தின்னாது. இது மடிப்பு செய்த வேலை.

மயில் கழுத்துப் புடவையில் உளுந்து அளவுக்கு ஓட்டைகள், ஓரம் கோணல்மாணலாக. ஒரு ஓட்டைக்கு அடுத்து ஏறத்தாழ ஒரே இடைவெளி விட்டு அதே வடிவில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மடித்து வைத்த புடவையில் புழு மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகத் தின்றுகொண்டே போனால் விரிக்கும்போது இப்படித்தான் தெரியும். முதல் ஓட்டையைச் சுற்றித் தேநீர் நிறத்தில் ஒரு திட்டு. ஏதோ கல்யாணப் பந்தியில் பாயசம் சிந்திய இடமாக இருக்கலாம் என்று பெரியம்மாவே சொன்னார். சிந்தியபோது துடைத்திருக்கிறார். காய்ந்ததும் ஒன்றும் தெரியவில்லை, அப்படியே மடித்து வைத்துவிட்டார்.

உங்கள் புடவை கெட்டிருந்தால் முதலில் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். நேர்க்கோடு என்றால் மடிப்பை மாற்ற வேண்டும். கோணல் ஓட்டை என்றால் கறையையும் பூச்சியையும் கவனிக்க வேண்டும். துணியில் ஓட்டை விழாமல் மேல்பரப்பு மட்டும் சுரண்டினாற்போல மெலிந்திருந்தால் அது பெரும்பாலும் வெள்ளிப்பூச்சி. அதற்குப் பிடித்த சாப்பாடு மாவுப்பொருள், அதாவது கஞ்சியும் பசையும்.

கட்டிக் கழற்றிய இரவு: காற்றா, வெயிலா, சலவையா?

கழற்றிய உடனே மடித்து வைப்பது, வெயிலில் போடுவது, நிழலில் காற்றாட விடுவது, சலவைக்குக் கொடுப்பது. நான்கு வழி உண்டு. முதலாவதை ஒதுக்கிவிடலாம். இடுப்பில் செருகிய பகுதியில் வியர்வை ஈரம் இருக்கும், அதோடு மடித்தால் பூஞ்சை வரும், ஜரிகையும் கறுக்கும்.

வெயில் என்பது கம்பளிக்குச் சொன்ன வைத்தியம். பட்டுக்கு அது ஆகாது. சூரிய ஒளி பட்டு இழையையே பலவீனமாக்கி மஞ்சளடிக்க வைக்கும், சாயத்தையும் வெளுக்கும். அதனால் நிழல்தான். ஃபேனுக்கு அடியில், கயிற்றுக்குப் பதிலாகத் தடிமனான கம்பியில் ஒரு பழைய வேட்டியைப் போட்டு, அதன் மேல் புடவையை உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்துவிட்டால் போதும். ஒரு ராத்திரி காய்ந்தால் வியர்வை ஈரமும் வாசனையும் போய்விடும். மறுநாள் காலையில் கீழ் ஓரத்தில் தைத்த ஃபால்ஸை மட்டும் மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். மண்டபத்துத் தூசி, சேறு எல்லாம் தங்குகிற இடம் அதுதான்.

ஒவ்வொரு முறையும் ட்ரை கிளீனிங் தேவையா என்றால், தேவையில்லை. ஏசி மண்டபத்தில் மூன்று மணி நேரம் கட்டிய புடவைக்குக் காற்றாட்டமே போதும். கறை விழுந்திருந்தால்தான் சலவையை நினைக்க வேண்டும். அப்போதும் என்ன கறை என்பதைப் பொறுத்து வழி மாறும்.

ட்ரை கிளீனிங்கில், நம் ஊரில் பெட்ரோல் வாஷ் என்கிறார்களே அதிலும், துணியைத் தண்ணீருக்குப் பதிலாக வேறொரு கரைப்பானில் அலசுகிறார்கள். அது எண்ணெயைக் கரைக்கும். சாம்பார் எண்ணெய், நெய், தலையில் வைத்த எண்ணெய் படிந்த தோள்பட்டை ஆகியவற்றுக்கு அது நல்ல வழி. வியர்வை உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைகிற சங்கதிகள், கரைப்பானுக்கு அவ்வளவாக அசையாது. பாயசம், ஜூஸ், இளநீர் எல்லாம் இந்த ரகம்தான். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் போகப்போகப் பழுப்பேறும். "ட்ரை வாஷ் கொடுத்துத்தானே வச்சேன், எப்படிக் கறை வந்தது?" என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில். கடையில் கொடுக்கும்போது "இந்த இடத்தில் பாயசம் விழுந்தது" என்று விரலை வைத்துக் காட்டி, ரசீதிலும் எழுத வைத்துவிட்டால், தேர்ந்தவர்கள் அந்த இடத்தைத் தனியாகத் தண்ணீர் வைத்து எடுத்த பிறகே புடவையைப் போடுவார்கள்.

பந்தியில் எண்ணெய் சிந்திய அந்த நிமிடத்தில் என்ன செய்வது? தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முகத்துக்குப் போடும் சாதாரணப் பவுடரைக் கறை மேல் தாராளமாகத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரஷால் தட்டினால் எண்ணெயில் கணிசமான பங்கு பவுடரோடு வந்துவிடும். மஞ்சள் கலந்த கறையில் சோப்பு போடவே கூடாது. சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் சோப்பு போட்டுத் தேய்ப்பதுதான் புடவைக்கு முடிவு. காரம் பட்டையும் கெடுக்கும். பட்டு ஒரு புரதம், அதனால் புரதக் கறையை எடுக்க என்சைம் சேர்த்த சலவைத்தூள் புடவையையும் அரிக்கும். குளோரின் பிளீச் பட்டால் இழையே கரைந்துபோகும்.

சலவைக் கடையில் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: "ரோல் பாலிஷும் சேர்த்துப் போடவா?" நாளை மறுநாள் கட்டப்போகிற புடவை என்றால் போடலாம், விறைப்பாக அழகாக வரும். அடுத்த ஒரு வருடம் பீரோவில் தூங்கப்போகிற புடவைக்கு நான் வேண்டாம் என்பேன். அந்த விறைப்பு பெரும்பாலும் கஞ்சி, கோந்து வகையால் வருவது. வெள்ளிப்பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. விறைத்த துணி மடிப்பில் சீக்கிரம் முறியவும் செய்யும்.

மடிப்பு

ஜரிகை வெறும் நூல் இல்லை. பட்டு நூலைச் சுற்றி, தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. விலை குறைந்தவற்றில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும். எதுவானாலும் உலோகம், ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்தால் முறியத்தான் செய்யும். பெரியம்மாவின் அரக்குப் புடவைக்கு நடந்தது அதுதான். கடையில் வாங்கிய அன்று விழுந்த மடிப்பிலேயே அது கடைசிவரை இருந்தது.

தொங்கவிட்டால் மடிப்பு விழாதே என்று சிலர் ஹேங்கருக்கு மாறுகிறார்கள். முக்கால் கிலோ எடையுள்ள புடவை முழுவதும் ஹேங்கர் கம்பியின் ஒற்றைக் கோட்டில் தொங்கும்போது, அந்தக் கோட்டில் இழுவிசையும் மடிப்பும் சேர்ந்தே விழுகின்றன. இரும்புக் கம்பி ஹேங்கராக இருந்தால் துருக் கறையும் போனஸ். லேசான பட்டை, மாதம் ஒருமுறை கட்டுவதாக இருந்தால், துணி சுற்றிய பருமனான ஹேங்கரில் போடலாம். கனப்பட்டுக்குத் தொங்கல் என்பது காற்றாட விடும் ஓரிரு நாளுக்கு மட்டும்.

சுருட்டுவதுதான் உண்மையில் சிறந்தது. மடிப்பே விழாது. பெரிய துணிகளை அருங்காட்சியகங்களில் இப்படித்தான் உருளையில் சுற்றி வைக்கிறார்கள். வீட்டில் செய்ய, புடவையின் அகலத்தைவிடச் சற்று நீளமான, அதாவது நாலே கால் அடி நீளத்துக்குக் குறையாத, மூன்று அங்குல விட்டம் உள்ள குழாய் வேண்டும். அதன் மேல் துவைத்த வேட்டியைச் சுற்றி, புடவைக்கு நடுவிலும் ஒரு வேட்டியை விட்டுச் சுருட்டி, படுக்கை வசமாக வைக்க வேண்டும். பத்துப் புடவைக்குப் பத்துக் குழாய் வைக்க எந்த பீரோவில் இடம் இருக்கிறது? ஆகவே பாட்டி காலத்துப் புடவை, இனிக் கட்டவே போவதில்லை ஆனால் போகவும் கூடாது என்கிற ஒன்றோ இரண்டோ இருந்தால், அவற்றுக்கு மட்டும் கட்டிலுக்கு அடியில் இடம் ஒதுக்கலாம்.

மற்றவற்றுக்கு மடிப்புதான், ஆனால் மாற்றி மாற்றி. "மடிப்பை மாத்திப் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. நான் செய்வது இது. புடவையின் அகலம் ஏறத்தாழ 48 அங்குலம். அதை நாலாக மடித்தால் கோடுகள் 12, 24, 36-வது அங்குலத்தில் விழும். அடுத்த முறை மூன்றாக மடித்தால் 16, 32-ல் விழும். ஒன்றோடொன்று எங்கும் மோதாது. ஒருமுறை நாலு, ஒருமுறை மூன்று என்று வைத்துக்கொண்டால் பழைய கோடு எது என்று தேட வேண்டியதே இல்லை. நீளவாக்கில் பாதி பாதியாக மடிக்கும்போது இந்த வசதி கிடையாது, நடுக்கோடு எப்போதும் நடுவிலேயே விழும். அதற்கு, ஒரு முனையை மற்றொன்றோடு சரியாகச் சேர்க்காமல் ஒரு சாண் தள்ளி வைத்து மடியுங்கள்; அடுத்த தடவை இன்னொரு முனையைத் தள்ளி வையுங்கள்.

மடிக்கும்போது ஜரிகை உள்ளே போகும்படி, புடவையின் பின்பக்கம் வெளியே இருக்கட்டும். மடிப்புக்குள் பழைய வெள்ளை வேட்டித் துண்டைப் பருமனாகச் சுருட்டி வைத்தால் கூர்மையான கோடு விழாமல் வளைவாக நிற்கும். தேய்த்துப் பெட்டி மாதிரி அழுத்தி வைப்பதோ, பதினைந்து புடவையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதோ கூடாது, அடியில் இருப்பது நசுங்கிவிடும். நாலைந்துக்கு மேல் அடுக்க வேண்டாம், கனமானது அடியில்.

எதில் சுற்றுவது

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. பிளாஸ்டிக் உறை தூசியையும் பூச்சியையும் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளே மிஞ்சிய ஈரத்தையும் வெளியே விடாது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் மடிக்கும்போது காற்றில் இருக்கிற ஈரமே போதும், உள்ளே பூஞ்சை பிடிக்க. கடையில் கொடுக்கும் அட்டைப்பெட்டி வீட்டுக்குக் கொண்டுவர மட்டும். செய்தித்தாளின் மை ஒட்டும், தாளும் பழுக்கும். நான்-வோவன் பைகள் பிளாஸ்டிக்கைவிடப் பரவாயில்லை, காற்று போகும். வெள்ளை நிறமாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஜெயிப்பது நம் பழைய மல் வேட்டிதான். பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது, சாயமில்லாதது, காற்று போகும், கொஞ்சம் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, கஞ்சியும் நீலமும் போடாமல் அலசியதாக இருக்க வேண்டும். ஒரு வேட்டிக்கு ஒரு புடவை. சுற்றி முடித்து மேலே ஒரு துண்டுச்சீட்டில் புடவையின் நிறத்தையும் கடைசியாக "நாலு" மடித்தேனா "மூணு" மடித்தேனா என்பதையும் எழுதிச் செருகிவிட்டால், தேடுவதற்காக எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்காது. ரப்பர் பேண்டு போடாதீர்கள். அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

பீரோ இரும்பா மரமா என்பதைவிட, அது எந்தச் சுவரில் ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி நின்றால் எந்த பீரோவும் ஆகாது. நாலு விரல்கடை தள்ளி நிறுத்துங்கள். மரம் என்றால் தட்டில் ஒரு துணி விரித்து அதன் மேல் வையுங்கள்.

இப்போது பூச்சிக்கு வருவோம்

அந்துப்பூச்சி, கம்பள வண்டு இரண்டிலும் கெடுதல் செய்வது புழுதான், வளர்ந்த பூச்சி துணியைத் தின்பதில்லை. இந்தப் புழுக்களுக்கு முதல் விருப்பம் கம்பளி, முடி, இறகு. சுத்தமான பட்டு இரண்டாம்பட்சம். வியர்வை, உணவுக் கறை ஏறிய பட்டு என்றால் கதை வேறு. பெரியம்மா வீட்டில் பூச்சி அந்தத் தட்டில் மயில் கழுத்தை மட்டும் தேடிப்போனது இதனால்தான். இருட்டும் அசையாமையும் அதற்கு வேண்டும். வருடக்கணக்கில் திறக்காத தட்டு அதற்குச் சொர்க்கம்.

பாச்சை உருண்டை, அதாவது நாப்தலீன், உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அதன் ஆவி மூடிய இடத்தில் அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் புழு சாகும். தினம் நாலு முறை திறக்கிற பீரோவில் இரண்டு உருண்டை போடுவது வெறும் வாசனைக்குத்தான். இறுக மூடும் டிரங்குப் பெட்டியில் பலன் அதிகம். ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். ஆகவே துணிப்பையில் கட்டி மேல்தட்டில் வைக்க வேண்டும், புடவைக்கு நடுவே உருட்டிவிடக் கூடாது. பட்ட இடம் கறையாகும். கூடவே பூஜைக் கற்பூரத்தையும் வைப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் உருகுநிலை வெகுவாக இறங்கி, சித்திரை வெயிலில் கசிந்து புடவையில் இறங்கும். ஏதாவது ஒன்றுதான்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் நாப்தலீனே வேண்டாம். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியில் படுத்தாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. தவழும் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

வேப்பிலை, கிராம்பு, வசம்பு மூன்றும் விரட்டும் ரகம், கொல்லும் ரகமல்ல. வாசனை போனால் பலனும் போயிற்று. நன்றாகக் காய்ந்த வேப்பிலை, உடைக்காத வசம்புத் துண்டு, பத்துப் பதினைந்து கிராம்பு, எது வைத்தாலும் துணி முடிச்சில் கட்டி வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பச்சை வேப்பிலையில் ஈரம் இருக்கும், கிராம்பில் எண்ணெய் இருக்கும், நேராகப் புடவையில் படக் கூடாது. ஏற்கெனவே முட்டை இருக்கிற புடவையை இவை காப்பாற்றாது. கறையில்லாத புடவைகளும் அடிக்கடி திறக்கும் பீரோவும் உள்ள வீட்டுக்கு இவையே போதும் என்பது என் கட்சி.

பூச்சி வந்துவிட்டது, புழுவோ அதன் உதிர்ந்த தோலோ மணல் மாதிரி எச்சமோ தெரிகிறது என்றால், ஃப்ரீசர்தான் கை கொடுக்கும். அந்தப் புடவையை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஒரு நாள் உலரவிட்டு, வேட்டியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து, டேப்பால் மூடுங்கள். பிளாஸ்டிக்குக்கு உரிய இடம் இதுதான். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் இருக்கட்டும். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் பையைத் திறக்கவே கூடாது. குளிர்ந்த பட்டில் அறைக்காற்றின் ஈரம் படிந்துவிடும். பிறகு காற்றாட விட்டு, தட்டி, கறையை எடுக்கக் கொடுக்கலாம். ஜரிகை ஏற்கெனவே உதிர ஆரம்பித்த பழம்புடவைக்கு இதைச் செய்ய வேண்டாம். அதற்கிடையில் பீரோவைக் காலிசெய்து மூலை முடுக்கெல்லாம் வாக்யூம் போடுங்கள், தட்டு விரிப்புத் துணியைக் கொதிநீரில் போட்டெடுங்கள்.

வருடத்தில் எத்தனை முறை எடுத்துப் பார்ப்பது? வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊர்களில் இரண்டு முறை போதும். புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறை, பொங்கல் முடிந்து தை மாதக் கடைசியில் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம், காற்றிலேயே ஈரம். காலைப் பனி விலகிய பிறகு, பத்து மணி வாக்கில் விரித்து, மாலைக்குள் மடிப்பு மாற்றி உள்ளே வைத்துவிடலாம்.

பெரியம்மா வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், மயில் கழுத்து ஃப்ரீசருக்குப் போய், பிறகு சலவைக்குப் போய், நல்ல பகுதியில் இரண்டு பேத்திகளுக்குப் பாவாடை ஆனது. அரக்குப் புடவையை யாரும் கட்ட முடியாது, கட்டினால் கோடு முழுக்கப் பிரியும். அதற்கு மட்டும் ஒரு குழாய் வாங்கி, வேட்டியோடு சுருட்டியாயிற்று. மிச்சம் இருந்த புடவைகளில் பாச்சை உருண்டையை எடுத்துவிட்டு வசம்பு முடிச்சு வைத்தோம். வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் "மூணு" என்று எழுதியிருக்கிறது, அடுத்த புரட்டாசியில் நாலு.